மாதம் 21,000 சேமிப்பு, பீரோவில் இல்லாத நகை

கேள்வி: நாங்க கோயம்புத்தூர்ல வாடகை வீட்ல இருக்கோம், சொந்த ஊர் மதுரைப் பக்கம். வீட்டுக்காரர் சம்பளம் கைக்கு 48,000, எனக்கு 17,000. ரெண்டு பொண்ணுங்க, எட்டாவதும் மூணாவதும். ஜூன்ல உட்கார்ந்து பட்ஜெட் போட்டோம். வாடகை 12,000, மளிகை 8,000, பால் காய்கறி கறிமீன் வாரம் 1,500 கணக்குல 6,000, கரண்ட் கேஸ் போன் நெட் 3,000, பெட்ரோல் 3,500, ஸ்கூல் வேன் 2,400, டியூஷன் 1,600, பைக் இ.எம்.ஐ. 3,500 (இன்னும் 9 மாசம்), வெளியில சாப்பாடு சினிமா 2,000, இதர 2,000. ஆக 44,000. மீதி 21,000 சேமிப்பு: பேங்க் ஆர்.டி. 6,000, எஸ்.ஐ.பி. 6,000, நகைச்சீட்டு 5,000, சின்னவ பேர்ல செல்வமகள் 4,000. ஸ்கூல் பீஸ் வருஷம் 57,000, அதுக்கு தீபாவளி போனஸ் 45,000 இருக்கு. ப்ரீமியம் எல்லாம் (ஹெல்த் 18,000, எல்.ஐ.சி. ஆறு மாசத்துக்கு 6,000) வர்றப்ப பாத்துக்கலாம்னு விட்டுட்டோம். ஆனா ஜூன்லயே பீஸுக்கு நகையை பேங்க்ல வச்சு 40,000 வாங்கினோம், இன்னும் மீட்கல. சேவிங்ஸ்ல இருந்த 30,000 கரைஞ்சுடுச்சு. கார்டுல 18,000 நிக்குது. ஒரு மாசம் எஸ்.ஐ.பி. திரும்பிடுச்சு. எங்க ஓட்டை? வர்ற ஆவணியில நாத்தனார் பையன் காதுகுத்து வேற இருக்கு.

பதில்:

ஓட்டை உங்கள் 44,000-க்குள் இல்லை. மளிகையில் 500 குறைப்பது, சினிமாவை நிறுத்துவது என்று இறங்கினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். பிரச்சினை அந்த 21,000-இல் இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வருடத்தில் எப்போதாவது வரும் செலவுகளுக்குச் சொந்தமான பணம். அதைச் சேமிப்பு என்று பெயர் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். செலவு வாசலில் வந்து நின்றபோது பூட்டைத் திறக்க முடியாமல் நகையையும் கார்டையும் எடுத்தீர்கள்.

முதலில் இந்த ஆறு மாதத்தில் உண்மையாக எவ்வளவு சேர்ந்தது என்று பார்த்துவிடுவோம். ஆர்.டி.யில் 36,000, எஸ்.ஐ.பி.யில் ஐந்து தவணை 30,000, நகைச்சீட்டில் 30,000, செல்வமகளில் 24,000. மொத்தம் 1,20,000. இதில் அடகுக் கடன் 40,000, கார்டு பாக்கி 18,000, கரைந்துபோன பழைய இருப்பு 30,000 ஆகியவற்றைக் கழியுங்கள். 32,000 மிஞ்சும். மாதத்துக்கு 5,300 சொச்சம், அதுவும் போனஸையும் சேர்த்து. நீங்கள் சேமிப்பதாக நினைத்தது 21,000. எந்த பட்ஜெட்டாக இருந்தாலும் சேமிப்பு இலக்கு நிஜமா என்று சோதிக்க இந்த ஒரு கழித்தல் போதும்: இந்தக் காலத்தில் போட்ட சேமிப்பு, கழித்தல் இதே காலத்தில் கூடிய கடன், கழித்தல் குறைந்த கையிருப்பு.

இனி விட்டுப்போன செலவுகள். யோசித்துப் பார்த்து எழுதினால் பாதிதான் ஞாபகம் வரும். இரண்டு பேருடைய வங்கிக் கணக்குக்கும் 12 மாத ஸ்டேட்மெண்ட் எடுத்து, 1,000 ரூபாய்க்கு மேல் போன ஒவ்வொரு வரியையும் பென்சிலால் குறியுங்கள். வாடகை, இ.எம்.ஐ. போன்ற மாதாந்தர வரிகளை அடித்துவிட்டால் மிஞ்சுவதுதான் நீங்கள் தேடும் பட்டியல். ஏ.டி.எம்.மில் 5,000, 10,000 என்று மொத்தமாக எடுத்த தேதிகளைத் தனியாக வட்டமிடுங்கள். அவற்றை நாள்காட்டியோடு வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு கல்யாணமோ, ஊர்ப் பயணமோ, டாக்டர் வீடோ பக்கத்தில் நிற்கும்.

ஸ்டேட்மெண்டில் கிடைக்காதது மொய், செய்முறை. அதற்கு வேறு ஆவணம் வேண்டும், உங்கள் வீட்டு மொய் நோட்டு. கல்யாணம், கிரகப்பிரவேசம், குழந்தைகளின் காதுகுத்து என்று உங்கள் வீட்டு விசேஷங்களில் எழுதிய நோட்டுகளைப் பரண்மேலிருந்து இறக்குங்கள். மதுரைப் பக்கத்தில் அது வெறும் நினைவுக் குறிப்பு இல்லை, திருப்பிச் செய்ய வேண்டிய தொகைகளின் பேரேடு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்தே கடன் வாங்கி அடைப்பது மாதிரி நடக்கும். உங்கள் ஊரில் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், வாங்கியதைவிடக் குறைத்து எழுதினால் பேச்சு வரும் என்பது உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏற்கெனவே திருப்பியாச்சு, வரும் வருடம் அவர்கள் வீட்டில் விசேஷம் வரலாம், இப்போதைக்கு இல்லை என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். வயதுக்கு வந்த பெண், வேலைக்குப் போய்விட்ட பையன், பாதி கட்டிய வீடு இருக்கும் குடும்பங்கள் இரண்டாவது வகை. அவற்றின் தொகையைக் கூட்டி, கொஞ்சம் ஏற்றி வைத்தால் அடுத்த வருடத்தின் மொய்ச் செலவு கிட்டத்தட்ட வந்துவிடும். அலுவலகத்தில் வரும் பத்திரிகைகளுக்குத் தனியாக ஒரு சிறு தொகை சேர்க்க வேண்டும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் போட்ட வருடக் கணக்கு இது. பீஸும் ப்ரீமியமும் நீங்கள் சொன்னவை, மற்றவை என் மதிப்பீடு. ஸ்டேட்மெண்ட் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பள்ளிக் கட்டணம், அடுத்த வருட உயர்வோடு: 62,000
புத்தகம், நோட்டு, யூனிஃபார்ம், ஷூ, பை: 14,000
தீபாவளி 22,000, பொங்கல் 6,000, மற்ற நல்ல நாள்கள் 5,000: ஆக 33,000
மொய், செய்முறை: 20,000
நான்கு முறை ஊருக்குப் போய்வர: 14,000
ஹெல்த் இன்சூரன்ஸும் எல்.ஐ.சி.யும்: 30,000
வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர்: 12,000
காய்ச்சல், பல், கண்ணாடி என்று காப்பீட்டில் வராத வைத்தியம்: 15,000
மிக்ஸி, ஃபேன், செருப்பு, பாத்திரம்: 8,000

மொத்தம் 2,08,000. போனஸ் 45,000-ஐக் கழித்தால் 1,63,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 13,600.

தீபாவளி வரியில் பெற்றோர் இரு தரப்புக்கும் எடுக்கும் துணியும் சேர்ந்திருக்கிறது. பட்ஜெட் போடும்போது நாலு பேருக்குத் துணி என்று எழுதிவிட்டு, கடையில் எட்டுப் பேருக்கு எடுப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

போனஸ் விஷயத்தில் ஒரு தடுமாற்றம் இருக்கிறது, கவனியுங்கள். போனஸ் இருக்கிறதே என்று பீஸுக்குக் காட்டினீர்கள். ஆனால் முதல் டெர்ம் பீஸ் ஜூனில், போனஸ் தீபாவளியை ஒட்டி. நான்கு மாதம் முன்னால் வரும் செலவைப் பின்னால் வரும் பணத்தில் கட்ட முடியாது. அது வந்த மாதத்தில் தீபாவளி 22,000, இரண்டாம் டெர்ம் 18,000, ஊர்ப் பயணம் 3,500 என்று 43,500 வரிசையில் நிற்கிறது. ஒரே பணத்தை மனசுக்குள் பீஸுக்கும் ஒருமுறை, தீபாவளிக்கும் ஒருமுறை செலவழித்திருக்கிறீர்கள். ஜூன் பீஸ் அடகில் போனதற்குக் காரணம் இதுதான்.

மாதச் செலவிலும் சின்னச் சின்னத் தவறு உண்டு. வாரம் 1,500 என்றால் மாதம் 6,000 இல்லை. வருடத்துக்கு 52 வாரம், 78,000. மாதத்துக்கு 6,500. வாரக் கணக்கில் செய்யும் எந்தச் செலவையும் நான்கால் பெருக்காமல் 52-ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுங்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. கோடையில் வரும் பில்லையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் மாதத்துக்கு இன்னும் 300 வேண்டும். வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது வீட்டு உரிமையாளர் 5% கேட்டாலும் 600 ஏறும். மூன்றும் சேர்ந்து 1,400. இவ்வளவுதான். உங்கள் மாதக் கணக்கு மோசமில்லை என்று சொன்னது இதனால்தான்.

வருமானப் பக்கத்தில் ஒரு கேள்வி. 48,000-க்குள் ஓவர்டைம் இருக்கிறதா? இருந்தால், கடந்த 12 மாதத்தில் ஆகக் குறைவாக வந்த மூன்று மாதங்களின் சராசரியை எழுதுங்கள். உங்கள் வேலை தனியார் பள்ளியில் என்றால் மே மாதச் சம்பளம் முழுதாக வருமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பல பள்ளிகளில் வராது. வராவிட்டால் வருடத்துக்குப் பன்னிரண்டு சம்பளம் இல்லை, பதினொன்றுதான். கீழே உள்ள கணக்கு 65,000 முழுதாக வரும் என்று வைத்துப் போட்டது.

ஆக 21,000-இல் 13,600 வருடச் செலவுக்கு, 1,400 மாதக் கணக்கில் விட்டுப்போனதற்கு. மீதி 6,000. மேலே கழித்துப் பார்த்தபோது வந்த 5,300-க்குப் பக்கத்தில்தான் இதுவும் நிற்கிறது. இரண்டு வழியில் போட்ட கணக்கும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் பட்டியலில் பெரிதாக எதுவும் விடுபடவில்லை என்று நம்பலாம். மூவாயிரம், நாலாயிரம் வித்தியாசம் வந்தால் எதையோ மறந்துவிட்டீர்கள், ஸ்டேட்மெண்டுக்குத் திரும்புங்கள்.

பெரும்பாலோர் இந்த 13,600-ஐக் கண்டுபிடித்ததோடு நிறுத்திவிடுவார்கள். தனிக் கணக்கு ஒன்று தொடங்கி மாதாமாதம் போடுவார்கள். ஆறே மாதத்தில் அதுவும் காலியாகி, இந்த முறை சரிப்பட்டு வரவில்லை என்று விட்டுவிடுவார்கள். காரணம், செலவுகள் பன்னிரண்டு சம பங்காக வருவதில்லை. டிசம்பரில் தொடங்கினால் எப்படிப் போகும் என்று மாதம் மாதமாக ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

வைத்தியம், வண்டி சர்வீஸ், வீட்டுச் சாமான், சிறு பண்டிகைகள் எல்லாம் சேர்ந்து மாதம் 3,000 போகும். ஆகவே 13,600-இல் 10,600-தான் கணக்கில் நிற்கும். ஜனவரியில் மூன்றாம் டெர்ம் 18,000, பொங்கல் 6,000, ஊருக்குப் போக 3,500. ஆக 27,500. கையில் இருப்பதோ இரண்டு மாதத்து 21,200. இரண்டாவது மாதமே 6,300 பள்ளம். பிப்ரவரியில் எல்.ஐ.சி.யும் தை மாதக் கல்யாணங்களின் பாக்கியும் 11,000. மார்ச்சில் வண்டி இன்சூரன்ஸ் 4,000 போகக் கணக்கு ஏறக்குறைய சமமாகும். ஏப்ரல், மே கொஞ்சம் மூச்சு விடலாம். ஜூனில் பீஸ் 26,000-மும் புத்தகம் யூனிஃபார்ம் 14,000-மும் சேர்ந்து 40,000. பள்ளம் 18,800. ஜூலையில் ஹெல்த் ப்ரீமியம் 18,000 கட்டியதும் 26,200. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பெரிதாக மீளாது. அக்டோபர் போனஸ் வந்த பிறகுதான் எழும், நவம்பர் கடைசியில் பூஜ்யத்துக்கு வரும்.

வருடக் கணக்கு சரியாக இருந்தும் ஜூலையில் 26,200 ரூபாய் கைமாற்று வாங்க வேண்டிவரும். அந்தத் தொகைதான் இந்தக் கணக்குக்குத் தேவையான முதல். அதை ஒருமுறை போட்டுவிட்டால் பிறகு வருடா வருடம் அதே முதல் சுழன்று வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தத் தொகை மாறும். பள்ளிக் கட்டணம் கட்டும் வீடுகளில் ஆழமான பள்ளம் ஜூன், ஜூலையில்தான் விழும்.

முதல் எங்கிருந்து வரும்? நீங்கள் பூட்டிவைத்த இடங்களிலிருந்துதான். ஒவ்வொன்றுக்கும் திறக்கும் விதம் வேறு.

ஆர்.டி.யை உடைத்துவிடுங்கள். பேங்க் ஆர்.டி. என்பதால் இடையில் மூடலாம், வட்டியில் கொஞ்சம் குறைப்பார்கள். (தபால் நிலைய ஐந்து வருட ஆர்.டி. என்றால் மூன்று வருடத்துக்கு முன்னால் மூட முடியாது. நாலு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும். பட்ஜெட் நிலையாகாத வீட்டுக்கு அது பொருந்தாது.) வரும் 36,000-இல் 18,000-ஐ இன்றே கார்டுக்குக் கட்டுங்கள். கார்டு பாக்கிக்கு மாதம் 3 முதல் 3.75% வரை வட்டி ஓடும். மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாள்கள் கிடைக்காது. ஆர்.டி.யில் வருடத்துக்குக் கிடைக்கும் வட்டியை இங்கே இரண்டு மாதத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மீதி 18,000 முதலாகத் தனிக் கணக்குக்குப் போகட்டும்.

எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிடுங்கள். தவணையை ரத்து செய்வதற்கு அபராதம் இல்லை. பணம் இல்லாமல் திரும்பினால்தான் ஒவ்வொரு முறையும் பேங்க் பிடித்தம் செய்யும். சேர்ந்த 30,000-ஐயும் எடுத்து அடகுக் கடனில் கட்டச் சொல்வேன். இதில் எனக்கு எதிராகப் பேசுபவர்கள் உண்டு, நீண்ட காலப் பணத்தைத் தொடக் கூடாது என்பார்கள். ஆனால் அது நகையை வைத்து வாங்கிய பணத்தில் போட்ட முதலீடு என்று பார்த்தால் முடிவு எளிது. நகைக் கடனுக்கு வட்டி நிச்சயம், ஃபண்டில் லாபம் நிச்சயமில்லை. பெரும்பாலான பங்கு ஃபண்டுகளில் வருடத்துக்குள் எடுத்தால் 1% பிடிப்பார்கள், சுமார் 300 ரூபாய். நகைக் கடனில் பகுதி பகுதியாகக் கட்ட முடியுமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலான வங்கிகளில் முடியும். மீதி 10,000-ஐ மாதம் 1,000 வீதம் கட்டி வாருங்கள். ஜூனில் ஒரு வருடக் கெடு வரும்போது வட்டியைக் கட்டிப் பாக்கித் தொகைக்கு மாற்றி வைக்கக் கேளுங்கள்.

நகைச்சீட்டை நிறுத்தாதீர்கள். இடையில் நின்றால் கடைக்காரர் தரும் சலுகை போய்விடும், பணமாகவும் பொதுவாகத் திருப்பித் தர மாட்டார்கள். இன்னும் ஐந்து தவணைதான், ஏப்ரலோடு பதினொன்று முடிகிறது. ஆனால் அதைச் சேமிப்பு என்ற வரியிலிருந்து அடித்துவிடுங்கள். ஏனென்றால் நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்ன காதுகுத்தில் தாய்மாமன் உங்கள் வீட்டுக்காரர். மடியில் உட்காரவைத்துக் காது குத்துவதிலிருந்து கம்மல், துணி, சீர்த்தட்டு வரை அவர் பங்கு. இது வருடாவருடம் வராத, ஆனால் தேதியே தெரிந்த செலவு. மேலே போட்ட 20,000-இல் இது அடங்காது. மே மாதம் சீட்டு முடிந்து 55,000-க்கு எடுக்கும் நகையில்தான் இந்தச் சீர் வெளிவர வேண்டும். நாத்தனாரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று இப்போதே பேசிவிடுவது நல்லது. ஆடியில் பேசினால் பேரம் மாதிரி ஆகிவிடும். சீர் போக நகையில் மிஞ்சுவது எவ்வளவோ அவ்வளவுதான் சேமிப்பு.

செல்வமகள் கணக்கில் போட்ட பணத்தை இப்போது எடுக்க முடியாது. ஆனால் மாதம் 4,000 கட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஒரு நிதியாண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும், உச்சவரம்பு 1,50,000. இந்த ஆண்டுக்கு ஏற்கெனவே 24,000 கட்டிவிட்டீர்கள். ஏப்ரலில் 250 கட்டிவிட்டுக் கைக்கு வரும்போது கூட்டிக்கொள்ளலாம். இந்த நெகிழ்வைப் பயன்படுத்தாமல், அதை ஆர்.டி. மாதிரி நடத்துகிறவர்கள் அதிகம்.

டிசம்பரிலிருந்து அந்த 21,000 இப்படிப் பிரியும்: வருடச் செலவுக் கணக்குக்கு 13,600, நகைச்சீட்டு 5,000, மாதச் செலவில் கூடுதல் 1,400, அடகுக் கடனுக்கு 1,000. மே மாதத்திலிருந்து சீட்டுப் பணம் 5,000 மிஞ்சும். மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் அதை வருடச் செலவுக் கணக்கிலேயே போடுங்கள். 18,000 முதலும் இந்த 15,000-மும் சேர்ந்தால் பள்ளம் நிரம்பும். மே கடைசியில் கணக்கில் 33,600 இருக்கும். பார்க்க ஆசையாக இருக்கும், ஃப்ரிட்ஜ் மாற்றலாமா என்று பேச்சு வரும். ஜூன் கடைசியில் அது 9,200 ஆகிவிடும், ஜூலை கடைசியில் 6,800. அதனால் மே மாத இருப்பைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அடுத்த நவம்பரில் 33,200 நிற்கும். அதற்கடுத்த வருடத்துக்கு முதல் தயார்.

இந்தக் கணக்கு சாதாரண சேவிங்ஸாகவே இருக்கட்டும். எஃப்.டி. வேண்டாம், ஆர்.டி. வேண்டாம். வட்டிக்கு ஆசைப்பட்டுப் பூட்டியதில்தான் இவ்வளவும் வந்தது. யு.பி.ஐ. செயலியில் இதை இணைக்காதீர்கள், ஏ.டி.எம். கார்டு பீரோவில் இருக்கட்டும். சம்பளம் வந்த மறுநாளே 13,600 தானாகப் போகும்படி நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள். எடுக்கும்போதெல்லாம் எந்த வரிக்காக எடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பட்டியலில் இல்லாத காரணத்துக்கு எடுக்க வேண்டி வந்தால் எடுங்கள், ஆனால் அது அடுத்த வருடப் பட்டியலில் புது வரியாக ஏற வேண்டும்.

ஆகஸ்டில் அடகு பாக்கி 2,000-மும் வட்டியும்தான் இருக்கும், சீட்டு ஓய்ந்த 5,000-இல் அதை முடித்து நகையைக் கொண்டுவந்துவிடலாம், காதுகுத்துக்கே போட்டுக்கொண்டு போகலாம். அதே மாதம் பைக் கடனும் முடிகிறது. செப்டம்பரிலிருந்து 5,000, அடகுக்குக் கட்டிய 1,000, இ.எம்.ஐ. 3,500 என்று 9,500 கைக்கு வரும். அதை முழுசாகச் சேமிப்பு என்று எழுத வேண்டாம். பெரியவள் ஒன்பதாம் வகுப்பில் இருப்பாள், டியூஷன் 1,500 கூடும். ஆகவே 8,000 என்று எழுதுங்கள். சம்பளத்தில் 12 சதவீதம் சொச்சம். 20 சதவீதம் சேமிக்க வேண்டும் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். வாடகையும் இரண்டு குழந்தைகளின் பீஸும் இருக்கிற 65,000 வருமானத்தில் அது இந்த வருடம் நடக்காது. இந்த 8,000-ஐ மூன்று மாதச் செலவு அளவு சேரும்வரை எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். எஸ்.ஐ.பி.யை அதற்குப் பிறகு 2,000-இல் தொடங்கலாம்.

முதல் சோதனை ஜனவரி கடைசியில். மூன்றாம் டெர்ம் கட்டி, பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்த பிறகு தனிக் கணக்கில் 11,700-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கார்டில் பாக்கி இருக்கக் கூடாது. மூவாயிரத்துக்கு மேல் குறைந்திருந்தால் ஜூன் வரை காத்திருக்காதீர்கள். நோட்டை எடுத்து எந்த வரி வீங்கியது என்று பாருங்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் ஊர்ப் பயண வரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் பஸ் கட்டணத்தை மட்டும் எழுதுவோம், ஊரில் போய் இறங்கியதும் வாங்கிக்கொடுக்கும் பழம், பலகாரம், குழந்தைகள் கையில் வைக்கும் பணம் எதையும் எழுத மாட்டோம்.